ஒரே நாளில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் 70 கிலோ காட்டியது, ராத்திரி சாப்பிட்ட பிறகு 71.7 காட்டுகிறது. ஒரே நாளில் இவ்வளவு கொழுப்பு ஏறிவிட்டதா?

இல்லை, அப்படி ஏற வழியே இல்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவானது போக ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். சராசரி ஆள் ஒருவர் நாள் முழுக்கச் செலவழிப்பதே 2,000 முதல் 2,500 கலோரிதான். ஒரு கிலோ கொழுப்பை ஒரே நாளில் ஏற்ற வேண்டுமானால் சுமார் 10,000 கலோரி சாப்பிட வேண்டும். அதாவது வழக்கமாக நான்கு நாளைக்குச் சாப்பிடுவதை ஒரே நாளில் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்ட நாளில் 300 கலோரி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கொழுப்பாக மாறினால் 40 கிராம் வரும். வீட்டு எடைக்கருவிகளில் பெரும்பாலானவை 100 கிராமுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டுவதே இல்லை. ஆக, ஒரு நாளில் கொழுப்பில் நடக்கும் மாற்றத்தை அந்தக் கருவியால் பார்க்கவே முடியாது. அது காட்டும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீரும், வயிற்றிலும் குடலிலும் இருக்கும் உணவும்தான்.

அப்படியானால் அந்த ஒன்றே முக்கால் கிலோ எங்கிருந்துதான் வந்தது?

ஒரு நாளை வரவு செலவாக எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே இருக்கும் எண்கள் ஒரு மாதிரிக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள, அதிகம் வியர்க்காத ஒருவருக்குப் பொருந்தக்கூடியவை.

காலை ஆறரை மணி. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடாமல் நிற்கிறார்: 70.0 கிலோ. காலை உணவு 350 கிராம், குடித்தது 350 மில்லி. ஒரு மில்லி தண்ணீரின் எடை ஒரு கிராம் என்பதால், சாப்பிட்டு எழுந்ததும் 70.7. மதியம் ஒரு மணி வரை இன்னும் 400 மில்லி குடிக்கிறார். சிறுநீராக 500 மில்லி போகிறது. மூச்சிலும் தோல் வழியாகவும் 300 கிராம் போகிறது. இப்போது 70.3.

மதியச் சாப்பாடு 550 கிராம், தண்ணீர் 300 மில்லி. எடை 71.15. இரவு எட்டு மணிக்குள் இன்னும் 550 மில்லி குடிக்கிறார், 100 கிராம் ஏதோ கொறிக்கிறார். வெளியே போவது 850 கிராம். எட்டு மணிக்கு 70.95. இரவுச் சாப்பாடும் தண்ணீருமாக 800 கிராம் உள்ளே போனதும் 71.75. அந்த நாளின் உச்சம் அதுதான்.

படுப்பதற்குள் 100 மில்லி குடித்து, 350 கிராம் இழந்து, 71.5-க்கு வருகிறார். தூக்கத்தில் 400 கிராம் போகிறது. காலையில் சிறுநீர் 450 மில்லி, மலம் 200 கிராம். மறுபடி ஏறி நிற்கும்போது 70.45.

மொத்தமாகப் பார்த்தால் அவருக்குள் போனது மூன்றரை கிலோ, வெளியே வந்தது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். தினமும் மூன்று கிலோவுக்கு மேல் பொருள் ஓர் உடம்புக்குள் வந்து போகிறது. அந்தப் போக்குவரத்தின் நடுவே எந்த நிமிடத்தில் கருவி மேல் ஏறுகிறோமோ, அந்த நிமிடத்து எண் கிடைக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பவருக்கும் காலையில் பார்ப்பவருக்கும் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வித்தியாசம் வருவது இதனால்தான்.

இங்கே கலோரி கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அரை லிட்டர் வெறும் தண்ணீரும் அரை கிலோ இனிப்பும் கருவியில் ஒரே அளவுதான் ஏற்றும். அடுத்து அந்த இரண்டும் உடம்பில் என்ன ஆகின்றன என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் மறுநாள் காலையும் 450 கிராம் கூடுதலாகத்தானே நிற்கிறது? அது கொழுப்பில்லையா?

நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். அந்த ஆள் அன்று செலவழித்த அளவுக்கே சாப்பிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் இந்த 450 கிராம் வரலாம். காரணம், இரவுச் சாப்பாட்டில் வழக்கத்தைவிட 4 கிராம் உப்பு கூடுதலாக இருந்தது.

நம் ரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் உப்பின் செறிவை உடம்பு மிகக் கறாராகக் காக்கிறது. மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். உடம்பு நீரின் உப்புச் செறிவுக்கு அது கிட்டத்தட்ட ஈடு. உப்பு கூடுதலாக உள்ளே வந்தால் செறிவு லேசாக ஏறும். உடனே தாகம் எடுக்கும். சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஏறிய உப்புக்கு ஏற்ற அளவு தண்ணீர் சேர்ந்து, செறிவு பழைய நிலைக்கு வரும்வரை இது நடக்கும். 9 கிராமுக்கு ஒரு லிட்டர் என்றால் 4 கிராமுக்கு ஏறத்தாழ 450 மில்லி. கணக்கு சரியாக வந்துவிட்டது.

நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக வராது. உப்பில் ஒரு பகுதி இரவிலேயே சிறுநீரில் போய்விடும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் அளவு இந்த வட்டத்தில்தான் இருக்கும். உப்பு தூக்கலான ஒரு விருந்துக்கு மறுநாள் மோதிரம் இறுக்குவதும், கண்ணுக்குக் கீழே உப்பியிருப்பதும் இந்தத் தண்ணீரால்தான்.

கூடுதல் உப்பைச் சிறுநீரகம் ஒரே மூச்சில் தள்ளிவிடுவதில்லை. ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். எனவே சனிக்கிழமை விருந்து சாப்பிட்டவர் ஞாயிறு காலை எடை பார்த்து அதிர்ந்துபோய்ப் பட்டினி கிடப்பார். செவ்வாய்க்கிழமை எண் இறங்கியதும் பட்டினிதான் இறக்கியது என்று நினைப்பார். சாதாரணமாகச் சாப்பிட்டிருந்தாலும் அது இறங்கியிருக்கும்.

தூங்கும்போது எதுவும் செய்வதில்லையே, 400 கிராம் எப்படிக் குறைகிறது?

மூச்சு விடுகிறோமே. நுரையீரலுக்குள் போகும் காற்று அங்கே சூடாகி, ஈரமாகி வெளியே வருகிறது. ஒவ்வொரு மூச்சும் கொஞ்சம் நீராவியை எடுத்துப் போகிறது. தோல் வழியாகவும், வியர்வை என்று கண்ணுக்குத் தெரியாத அளவில், நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டரைத் தொட்டுவிடும். வெப்பமான அறையிலோ காய்ச்சலிலோ இன்னும் அதிகம்.

நீர் தவிர இன்னொன்றும் போகிறது. நாம் உள்ளே இழுக்கும் ஆக்சிஜன், கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது. அந்தக் கார்பன் நம் உடம்பின் சர்க்கரையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நிகரமாக ஓர் இரவில் சில பத்து கிராம் குறையும். கொழுப்பு உடம்பை விட்டுப் போகும் முக்கிய வழி மூச்சுதான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத இழப்பை முதலில் உட்கார்ந்து அளந்தவர் சாந்தோரியோ என்ற இத்தாலிய மருத்துவர். உட்கார்ந்து என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் தானே அமர்ந்து, சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் பல ஆண்டுகள் எடை போட்டார். உள்ளே போனதில் பெரும்பகுதி சிறுநீராகவும் மலமாகவும் வரவில்லை, புலப்படாமல் ஆவியாகிப் போகிறது என்று 1614-இல் எழுதினார்.

சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஐந்து நாளில் இரண்டு கிலோ குறைந்தது. அதுவும் தண்ணீர்தான் என்கிறீர்களா?

பெரும்பகுதி, ஆமாம். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கிறது. மாவுச்சத்து வருவது நின்றால் முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான். 300 கிராம் கிளைகோஜன் தீர்ந்தால் கூடவே 900 கிராம் தண்ணீரும் போகும். மொத்தம் 1.2 கிலோ. அது போக, மாவுச்சத்து குறையும்போது இன்சுலினும் குறைகிறது. அதனால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றுகிறது, அந்த உப்போடு இன்னும் கொஞ்சம் நீர் போகிறது. குடலில் தங்கும் உணவின் அளவும் குறைந்திருக்கும்.

அந்த ஐந்து நாளில் தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தால் உண்மையில் கரைந்த கொழுப்பு 300 கிராமுக்குச் சற்று மேல். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், ஐந்து நாளுக்கு அது நல்ல வேகம்தான். ஆனால் ஆறாம் நாள் வழக்கம்போல் சாப்பிட்டால் கிளைகோஜனும் அதன் தண்ணீரும் ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும். கருவி ஒரு கிலோ ஏற்றிக் காட்டும். அப்போதும் கரைந்த 300 கிராம் கொழுப்பு கரைந்தது கரைந்ததுதான், எங்கும் திரும்பி வரவில்லை. ‘முதல் வாரத்திலேயே மூன்று கிலோ’ என்று விற்கப்படும் திட்டங்கள் எல்லாம் இந்தத் தண்ணீரைத்தான் காசாக்குகின்றன.

உடற்பயிற்சி செய்தால் எடை குறைய வேண்டும் அல்லவா? எனக்கு மறுநாள் கூடுகிறதே!

பயிற்சி முடிந்த உடனே பார்த்தால் குறைந்துதான் இருக்கும். ஒரு மணி நேரம் ஓடியவர் 1.2 கிலோ குறைந்திருக்கிறார், ஓடும்போது 300 மில்லி குடித்தார் என்றால், அவருக்கு ஒன்றரை லிட்டர் வியர்த்திருக்கிறது என்று பொருள். விளையாட்டு வீரர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது இதற்காகவே. எவ்வளவு நீரைத் திரும்பக் குடிக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். மற்றபடி அந்த 1.2 கிலோவைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எரிந்தது முழுக்கக் கொழுப்பாகவே இருந்தாலும் 100 கிராமைத் தாண்டுவது கடினம்.

மறுநாள் கூடுவதற்குக் காரணம் வேறு. பழக்கமில்லாத பயிற்சி, குறிப்பாக எடை தூக்குவது அல்லது மேட்டிலிருந்து இறங்கி ஓடுவது, தசை நார்களில் நுண்ணிய காயங்களை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்யும் வேலையில் அந்தத் தசைகளில் நீர் கோக்கும். வலி இருக்கும் இரண்டு மூன்று நாளும் அந்த நீரும் இருக்கும். அப்புறம் பயிற்சியில் தீர்ந்த கிளைகோஜனை உடம்பு நிரப்பும்போது, மேலே சொன்னதுபோல் தண்ணீரும் சேர்ந்து வரும். புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்கள் முதல் இரண்டு வாரம் கருவியைப் பார்த்துவிட்டுக் கைவிடுவது இதனால்தான். பாவம், உள்ளே வேலை சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கும்.

மாதவிடாய் நெருங்கும்போது எடை கூடுவது உண்மையா?

உண்மைதான். பலருக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை, சிலருக்கு இரண்டு கிலோ வரைகூட நீர் சேரும். பொதுவாக ரத்தப்போக்கு தொடங்கும் நாளையொட்டி உச்சத்துக்குப் போய், அடுத்த சில நாளில் வடியும். எனவே இந்த வாரத்து எடையைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்துச் சுழற்சியின் இதே நாளோடு ஒப்பிடுவது நியாயமாக இருக்கும்.

மலம் கழித்தால் எவ்வளவு குறையும்?

பெரும்பாலும் 100 முதல் 250 கிராம். மலச்சிக்கல் இருந்து இரண்டு மூன்று நாள் தேங்கியிருந்தால் அரை கிலோ வரை போகலாம். நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களின் குடலில் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது நல்லதே.

இரண்டு நிமிட இடைவெளியில் பார்த்தாலும் வேறு வேறு எண் வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

முதலில் தரையைப் பாருங்கள். கருவியின் கால்களில் இருக்கும் உணரிகள் எடையால் நுண்ணிய அளவில் வளைவதை அளந்துதான் எண்ணைச் சொல்கின்றன. கம்பளத்தின் மேலோ, மேடு பள்ளமான தரையிலோ வைத்தால் கால்கள் சரியாக ஊன்றாது. ஒரு கிலோவுக்கு மேல்கூடத் தவறு வரலாம். கெட்டியான சமதரையில், எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, நடுவில் நேராக நின்று பாருங்கள்.

எதிர்மாறான ஏமாற்றும் உண்டு. சில டிஜிட்டல் கருவிகள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும், பார்ப்பவருக்குக் கருவி படு துல்லியம் என்று தோன்றும். சோதிக்க வழி எளிது. எடை பாருங்கள், அடுத்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பாருங்கள், பிறகு பாட்டிலை வைத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் அரை கிலோ ஏறி, மறுபடி இறங்க வேண்டும்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பின் மின் தடையிலிருந்து கொழுப்பை ஊகிக்கின்றன. தடை உடம்பிலுள்ள தண்ணீரைப் பொறுத்து மாறும். ஆகவே காலையில் ஒரு சதவீதம், மாலையில் வேறொரு சதவீதம் என்று காட்டினால் அதற்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை.

அப்படியானால் எடை உண்மையிலேயே குறைகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். அப்போதுதான் வயிறும் சிறுநீர்ப்பையும் காலியாக இருக்கும். தினமும் குறித்துவைத்து, வார முடிவில் ஏழு எண்களின் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். முதல் வாரம் ஒருவருக்கு இப்படி வருகிறது: 70.0, 70.4, 70.6, 70.1, 69.8, 70.2, 69.9. இரண்டாம் வாரம்: 69.7, 70.3, 69.9, 69.5, 69.6, 70.1, 69.5. முதல் வாரத்தின் முதல் நாளையும் (70.0) இரண்டாம் வாரத்தின் இரண்டாம் நாளையும் (70.3) மட்டும் பார்த்தால் எட்டு நாளில் 300 கிராம் கூடிவிட்டது என்று தோன்றும். முதல் வாரத்தின் மூன்றாம் நாளை (70.6) இரண்டாம் வாரத்தின் கடைசி நாளோடு (69.5) ஒப்பிட்டால் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது என்று தோன்றும். இரண்டுமே பொய். சராசரிகள் 70.14, 69.80. வாரத்துக்கு 340 கிராம் குறைகிறது. அது கொழுப்பானால் நாளொன்றுக்குச் சுமார் 370 கலோரி பற்றாக்குறை என்று பொருள்.

இந்தச் சராசரியும் இரண்டு வாரத்துக்கு ஏமாற்றலாம், மாதவிடாயோ புதிய பயிற்சியோ நடுவில் வந்தால். நான்கு வாரம் ஒரே திசையில் போனால் நம்பலாம். தினமும் எண்ணைப் பார்த்தால் மனம் அலைபாயும் என்றால் தினமும் பார்க்காமல் இருப்பதே நல்லது. அதற்கு இடுப்புச் சுற்றளவை மாதம் இருமுறை அளந்தாலே போதும்.

எப்போது இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்?

காலையில் ஏறி ஓரிரு நாளில் இறங்கிவிடும் எடைக்கு மருத்துவர் தேவையில்லை. ஏறிய எடை இறங்காமல் நாளுக்கு நாள் மேலே போனால் கதை வேறு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்வார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும். இதயம் சரியாக இயங்காமல் உடம்பில் நீர் கோக்கிறது என்பதற்கு, மூச்சுத் திணறல் வருவதற்கு முன்பே, எடைக்கருவி துப்புக் கொடுத்துவிடும். அவரவருக்கு மருத்துவர் சொன்ன அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இரண்டு அமர்வுக்கு நடுவே கூடும் எடை ஏறக்குறைய முழுக்க நீர்தான். எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்வதே அந்த எண்ணை வைத்துத்தான்.

இந்த நோய்கள் இருப்பதாக இதுவரை தெரியாதவர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். எடை ஏறுவதோடு கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ தாமதிக்கக் கூடாது.

எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கின்போது வேகமாக இறங்கும் எடை நீரிழப்பைக் காட்டும். பெரியவருக்கு அரை கிலோ என்பது ஒரு நாளின் சாதாரண ஏற்ற இறக்கம். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே அரை கிலோ, உடல் எடையில் 5 சதவீதம். அந்த அளவு நீரிழப்புக்கு உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்கி, குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.